கே.பி. கூல் பார் ஆலங்கட்டி ஆன கதை

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையோரம் கடை வைத்திருக்கும் ஜெயஸ்ரீக்கு ஐஸ்கிரீம் செய்யத் தெரியும். ஏதோ வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட செய்முறை இல்லை. வேதியியல் படித்துவிட்டுத் திண்டிவனம் பக்கம் ஒரு பால் பண்ணையின் ஐஸ்கிரீம் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள், கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, அதற்குப் பிறகும் அங்கேதான் இருந்தாள். பாலில் கொழுப்பு எவ்வளவு இருக்க வேண்டும், கலவையை எத்தனை சூட்டில் காய்ச்சி எவ்வளவு வேகமாக ஆற வைக்க வேண்டும், நாக்கில் மணல்மணலாக ஐஸ் தட்டுப்படாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குக் கைப்பழக்கம். அவள் பிறந்தது செஞ்சிக்குக் கிழக்கே தளவானூர் காலனியில். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் நடவும் களையும் செய்தே அவளைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். பண்ணையில் மேற்பார்வையாளர் பதவி தருகிறோம் என்று சொன்ன மாதமே அவள் வேலையை விட்டாள். சொந்தக் கடை வேண்டும் என்று மனதில் எப்போதோ விழுந்திருந்தது.

கணவன் வளவன் அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவன் தடுக்கவில்லை. "மெஷின் ரிப்பேரானா நான் பாத்துக்கறேன். மத்தது உன் பாடு" என்றான்.

கடை கலியபெருமாளுடையது. ஊரில் நிலபுலமும் மாந்தோப்பும் உள்ள மனிதர். ஒரு காலத்தில் அவரே அங்கே சோடா, பன்னீர், ரோஸ்மில்க் விற்றிருக்கிறார். அப்போது மாட்டிய பலகை வாசலில் அப்படியே இருந்தது. சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து: 'கே.பி. கூல் பார்'.

"அந்த போர்ட மட்டும் எடுக்காதம்மா. ராசியான பேரு. என் பேரு இருந்தாத்தான் ஊர்ல நாலு பேரு உள்ள வருவாங்க. உங்க பேரு கிரு போட்டா..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

அவர் நிறுத்திய இடத்துக்கு அப்புறம் என்ன இருந்தது என்று ஜெயஸ்ரீக்குத் தெரியும். பிறந்ததிலிருந்தே தெரியும். ஆனால் இடம் நல்ல இடம். கோட்டைக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். உலகப் பாரம்பரியப் பட்டியலில் கோட்டை சேர்ந்ததிலிருந்து வெளியூர்க் கூட்டம் வேறு கூடியிருந்தது. கோட்டையின் ராஜகிரி மலை ஏறி இறங்கியவன் பாறைச் சூட்டில் வெந்து, நாக்கு ஒட்டிப்போய்த்தான் திரும்புவான். அவனுக்கு எதிரே ஒரு ஐஸ்கிரீம் கடை. பெயரில் என்ன இருக்கிறது, பண்டம் பேசட்டும் என்று நினைத்துக்கொண்டு தையில் கடையைத் திறந்தாள்.

பண்டம் பேசத்தான் செய்தது. கேட்கத்தான் ஆள் வரவில்லை. வந்தவர்கள் வேறு ஆட்கள். அடுத்த தெருவில் மதுக்கடை. சாயங்காலம் ஆனால் அங்கிருந்து நாலைந்து பேர் நேராக இங்கே வந்து நின்றார்கள்.

"அக்கா, டம்ளர் கெடைக்குமா? சைட் டிஷ் இன்னா இருக்குது?"

"இங்க ஐஸ்கிரீமும் ஜூஸும்தான்ணா."

"பார்னு போட்டுக்குது?"

அவர்கள் தகராறு செய்கிறவர்கள் இல்லை. ஏமாந்து, ஒரு எலுமிச்சை ஜூஸ் வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்று பேசுவார்கள். அவர்கள் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளோடு வருகிற பெண்கள் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். உள்ளே சீத்தாப்பழ ஐஸ்கிரீமும் நன்னாரி ஐஸ்கிரீமும் பெட்டியில் உறைந்து கிடந்தன.

அரசுப் பள்ளி ஆசிரியர் காமராஜ் மட்டும் தினமும் வீட்டுக்குச் சப்போட்டா ஜூஸ் வாங்கிப் போவார். ஒருநாள் பணம் செலுத்தக் கைப்பேசியை எடுத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்.

"இனிமே ரொக்கமாவே குடுத்துடறம்மா. மாசக் கடைசில வூட்ல அந்தம்மா போனைப் பாத்துட்டாங்க. டெய்லி கே.பி. கூல் பார், கே.பி. கூல் பார்னு வரிசையா இருக்குது. குடிக்க ஆரம்பிச்சிட்டீங்களான்னு ஒரே அழுகை. ஜூஸ்னு சொன்னா நம்பல."

ஜெயஸ்ரீ சிரித்தாள். அவர் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ஜூஸைத் தினமும் குடிக்கிற அம்மாவே நம்பவில்லையென்றால் ரோட்டில் போகிறவள் எப்படி நம்புவாள்? பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு கட்டினாள்.

மாற்றுவது என்று ஆனதும் ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். காமராஜ் சார், 'பனிக்கூழ் நிலையம்' என்றார். நல்ல தமிழ்தான். ஆனால் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற ஊரில், வெங்காயமும் கருவாடும் எங்கே என்று கேட்பார்கள். வளவனின் நண்பன் ஒருவன் 'ஸ்னோ கிங்டம்' என்றான். வளவனுக்கோ ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர்கள் இலவசமாகத் தருகிற விளக்குப் பலகைமேல் கண்.

"அவங்க சரக்கு கொஞ்சம் வாங்கி வச்சா போதுமாம். போர்டு, லைட்டு எல்லாம் ஃப்ரீ. கீழ ஓரத்துல நம்ம கடை பேரும் போடுவாங்களாம்."

"ஓரத்துல போடுவாங்க. பெருசா யாரு பேரு?"

"கம்பெனி பேரு."

"கொழந்த அழுவும்போது எந்தப் பேர சொல்லி அழுவும்? கம்பெனி பேரைத்தான? அந்தக் கம்பெனி ஐஸு பஸ் ஸ்டாண்டுல எல்லா கடையிலயும் இருக்குது. அப்பன்காரன் கிட்ட இருக்கற கடையில வாங்கிக் குடுத்துட்டுப் போய்க்கினே இருப்பான். நம்ம பேர சொல்லி அழுதாத்தான் நம்ம கடைக்கு வண்டி திரும்பும்."

வளவன் யோசித்துப் பார்த்தான். விளக்குப் பலகைப் பேச்சை அதோடு விட்டுவிட்டான்.

அதிலிருந்து ஜெயஸ்ரீக்கு ஒரு பிடி கிடைத்தது. பெயர் குழந்தையின் வாயில் நுழைய வேண்டும். ஒன்றாவது படிக்கிற பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். கேட்டதும் உடம்பு குளிர வேண்டும். 'ஜில்', 'கூல்', 'ஐஸ்' என்று வைத்தால் குளிரும்தான். ஆனால் விழுப்புரம் வரைக்கும் ஊருக்கு நாலு ஜில் ஜில் இருக்கிறது. எந்த ஜில் என்று யார் கண்டது?

பெரியவர்களைக் கேட்பதை விட்டுவிட்டு, கடைக்கு வருகிற பிள்ளைகளைக் கேட்க ஆரம்பித்தாள். "உனக்குத் தெரிஞ்சதுலயே ரொம்ப ஜில்லுனு இருக்கறது இன்னா?"

பதில்கள் அவள் எதிர்பாராத திசையிலிருந்தெல்லாம் வந்தன. ஏ.டி.எம். ரூம் என்றான் ஒருவன். கோட்டையில் அந்தக் காலத்தில் நெல் கொட்டி வைத்த களஞ்சியத்துக்குள்ளே இருக்கிற தரை என்றாள் ஒருத்தி; சட்டையைத் தூக்கிவிட்டு அதில் வயிற்றை வைத்துப் படுத்துப் பார்த்திருக்கிறாளாம். குளித்துவிட்டு வந்த அம்மாவின் கை என்றது ஒரு குழந்தை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. பலகையில் எழுதத்தான் முடியாது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, டியூஷன் விட்டு ஒரு கும்பல் வந்தது. அதே கேள்வியைக் கேட்டாள். கும்பலில் ஒல்லியாக, இரட்டைச் சடை போட்ட பெண் ஒருத்தி இருந்தாள். கவிதா என்று பெயர்.

"ஆலங்கட்டி" என்றாள் அவள். "கைல வச்சா ஜில்லுனு இல்லக்கா. சுடும்."

அவ்வளவுதான். அதுவரை மற்றவர் சொன்னதைக் காதில் வாங்காமல் ஐஸைச் சப்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். போன வருஷம் எங்க வூட்டு ஓட்டு மேல தடதடன்னு விழுந்துச்சு. நான் சொம்புல பொறுக்கினேன். எங்கண்ணன் மண்டையில ஒண்ணு விழுந்துச்சு. நான் அத தின்னுட்டேன், எங்கம்மா அடிச்சாங்க. ஃப்ரிட்ஜுல வச்சேன், காலைல பாத்தா ஒட்டிக்கிச்சு. யார் பொறுக்கியது பெரிது என்று இரண்டு பேர் சண்டைக்கே போய்விட்டார்கள்.

ஜெயஸ்ரீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். வேறு எந்தச் சொல்லுக்கும் இப்படி நடக்கவில்லை. ஏ.டி.எம். என்றால் ஒருவன் பேசினான். ஆலங்கட்டி என்றால் எல்லோரும் பேசுகிறார்கள். வானத்திலிருந்து சும்மா விழுகிற மிட்டாய் மாதிரி அது. குளிர்ச்சி, விளையாட்டு, ஓட்டம், வீடே வாசலுக்கு வந்து நிற்பது, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. ஐஸ்கிரீம் என்ற வார்த்தையே தேவைப்படவில்லை.

வீட்டில் சொன்னபோது வளவன் முகத்தைச் சுளித்தான்.

"கட்டின்னு முடியுது. கட்டி, கொப்புளம்னு ஆஸ்பத்திரி ஞாபகம் வராதா?"

"வெல்லக்கட்டின்னா ஆஸ்பத்திரி ஞாபகமா வருது?"

அவர்களுடைய நான்கு வயது மகள் எழில் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, "நைனா, ஆலங்கட்டி போலாமா?" என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படி ஒரு இடம் இருக்கிறது, அங்கே போகலாம் என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள். வளவன் மனைவியைப் பார்த்தான். பெயர் அங்கேயே நிலைத்துவிட்டது.

கலியபெருமாளிடம் ஜெயஸ்ரீ தனியாகவே போனாள். அவர் மாந்தோப்பில் நின்று பிஞ்சு பார்த்துக்கொண்டிருந்தார். அது கேட்பதற்குத் தோதான இடமில்லை என்று போன பிறகுதான் தெரிந்தது.

"ஆலங்கட்டியா? இந்தப் பிஞ்சு மேல அது விழுந்தா இன்னா ஆவும் தெரியுமா? நான் வயித்துல ஈரத்துணி போட்டுக்கினு ஒக்கார வேண்டியதுதான். அதக் கொண்டுபோய் என் கடையில பேரா வெக்கறன்ற?"

"பயிருக்குன்னா நஷ்டம்தாங்க ஐயா. நான் இல்லன்னு சொல்லல. அது விழும்போது உங்க வூட்டுப் பசங்க இன்னா பண்ணுவாங்க?"

"பொறுக்குவாங்க. வேற இன்னா பண்ணுவாங்க" என்றார். "இருந்தாலும் என் போர்ட எடுக்கக் கூடாது."

"எடுக்கல. ஒரே ஒரு சாயங்காலம் கடைக்குள்ள வந்து ஒக்காருங்க. அதுக்கப்புறமும் போர்டு இருக்கணும்னு நீங்க சொன்னா நான் வாயத் தொறக்கல."

மறுநாளே அவர் வந்தார். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நன்னாரி ஐஸ்கிரீம் சாப்பிட்டார். நன்றாக இருப்பதாகச் சொல்லி இன்னொன்று கேட்டு வாங்கினார். பொழுது சாயத் தொடங்கியதும் வழக்கமான ஆட்கள் வந்தார்கள்.

"யோவ் பெரியவரே, உள்ள ஒக்காந்து சாப்பிடலாமா? பாட்டில் நாங்களே வச்சிருக்கறோம்."

கலியபெருமாள் எழுந்து வாசலுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. முன்னால் ஒரு பையன், பின்னால் கைக்குழந்தையோடு அம்மா. பையன் இறங்கப் போனான். அம்மா அண்ணாந்து பலகையைப் படித்தாள். வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள். புருஷன் தோளைத் தட்டினாள். "வேணாங்க. இது பார் மாதிரி இருக்குது. வண்டிய எடுங்க." பையன் வீறிட்டு அழுதுகொண்டே போனான். கிழவரின் பெயர் கொட்டை எழுத்தில் அவர் தலைக்கு மேலே இருந்தது.

அவர் திரும்பவும் வந்து உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"தெனமும் இப்படியா?"

"தெனமும் இப்படித்தாங்க ஐயா."

"நான் சோடா வித்த காலத்துல இந்தப் பார்னு சொன்னா யாரும் தப்பா நெனைக்கல." பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எடுத்துடு. ஆனா என் பேரு சுத்தமா இல்லாம போயிடக் கூடாதும்மா" என்றார்.

அதற்கும் அவள் வழி யோசித்து வைத்திருந்தாள். "கட்டடம் உங்களுது. கட்டடத்துக்கு உச்சில உங்க பேரு இருக்கட்டும். கே.பி. காம்ப்ளக்ஸ்னு. கடை என்னுது. கடைக்கு என் பேரு இருக்கட்டும்."

காம்ப்ளக்ஸ் என்ற சொல்லை அவர் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்த விதத்திலேயே விஷயம் முடிந்தது என்று ஜெயஸ்ரீக்குத் தெரிந்துவிட்டது.

காந்தி பஜாரில் பலகை செய்கிற தேவேந்திரன், பெயரைக் கேட்டதும் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "நல்லா இருக்குதும்மா. ஆரம்பமே உருண்ட உருண்ட எழுத்து. ஆ, ல. ங், க, ட மட்டும் சதுரமா வரும், அதையும் மூலைய மழுக்கிடலாம். தமிழ்தான் பெருசா மேல வரணும், அது சட்டம். இங்கிலீஷ் கீழ சின்னதா போட்டுக்கலாம்."

"சிவப்பும் மஞ்சளும் வேணாங்கண்ணா. பிரியாணிக் கடையாட்டம் இருக்கும். வெளிர்நீலம், வெள்ளை எழுத்து, சுத்தி அடர்நீலத்துல ஒரு கோடு. கோடு இல்லன்னா வெயில்ல வெள்ளை தெரியாது."

"எழுத்து மெலிசா வேணுமா, தடியாவா?"

"தடியா. ஸ்பீட் பிரேக்கர்ல பஸ்ஸு ஏறி எறங்கற நேரத்துக்குள்ள உள்ள இருக்கற புள்ள படிச்சி முடிக்கணும்."

பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில், 'உரிமையாளர்: ஜெயஸ்ரீ வளவன்' என்று போடச் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம்கூடத் தணியவில்லை.

உணவுப் பாதுகாப்புப் பதிவிலும் பேரூராட்சி உரிமத்திலும் பெயர் மாற்ற மனுப் போட்டாள். பலகையில் ஒன்றும் பதிவில் ஒன்றும் இருந்தால் நாளைக்கு ஆய்வுக்கு வருகிறவர் கேட்பார். வங்கியில் சொல்லி, கைப்பேசியில் பணம் செலுத்துகிற க்யூ.ஆர். அட்டையையும் மாற்றினாள். காமராஜ் சாருக்குத்தான் அதில் பெரிய நிம்மதி.

பெயருக்கு ஏற்ற பண்டமும் வேண்டுமே என்று, பெரிய உருண்டைக்குப் பதிலாகத் தர்பூசணி குடைகிற சின்னக் கரண்டியால் கோலிகுண்டு அளவில் உருட்டி, கிண்ணம் நிறைய வைத்தாள். சீத்தாப்பழம் வெள்ளை, கொய்யா இளஞ்சிவப்பு, நன்னாரி பழுப்பு. அதற்குப் பெயரும் ஆலங்கட்டிதான்.

சித்திரையில் பள்ளி விடுமுறை விட்ட வாரம் புதுப் பலகை ஏறியது. முதல் நாள் காலையில் அவலூர்பேட்டை பஸ் வேகத்தடையில் மெதுவாக ஏறும்போது, ஜன்னலோரம் இருந்த ஒரு சிறுவன் சத்தமாக எழுத்துக் கூட்டினான். "ஆ... ல... ங்... ஆலங்கட்டி. அம்மா, ஆலங்கட்டி கடைம்மா." பஸ் போய்விட்டது. ஜெயஸ்ரீ வாசலில் நின்று அதைக் கேட்டாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அந்தச் சிறுவன் அம்மாவை இழுத்துக்கொண்டு வெயிலில் திரும்ப நடந்தே வந்தான். அவன்தான் அந்தப் பலகைக்கு முதல் போணி.

மதியத்துக்கு மேல் கூட்டம் தாங்கவில்லை. கோட்டையிலிருந்து இறங்கிய வெளியூர்க் குடும்பங்கள், மேல்சித்தாமூரிலிருந்து வேனில் வந்த ஒரு கல்யாண வீட்டார், டியூஷன் கும்பல் முழுசும். கவிதா தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து, "இந்தப் பேரு நான் சொன்னதுப்பா" என்று பலகையைக் காட்டினாள். அன்றைக்கு அவளுக்குக் கிண்ணம் மலைபோல் குவிந்தது. வளவன் பணிமனையிலிருந்து எண்ணெய்க் கறையோடு வந்து, கை கழுவிக்கொண்டு கிண்ணம் எடுத்துக் கொடுக்க நின்றுவிட்டான். சாயங்காலம் மதுக்கடைப் பக்கத்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். உள்ளே பெஞ்சு முழுக்கப் பிள்ளைகள். ஒருவர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "வூட்டுக்குப் பார்சல் கெடைக்குமாக்கா?" என்று கேட்டு வாங்கிப் போனார். விளக்கு போடுவதற்குள் பெட்டி காலி.

வைகாசியில் தேவேந்திரனிடமிருந்து போன் வந்தது. வேறு ஊரிலிருந்து ஒருவன், அதே பெயர், அதே நீலம், அதே எழுத்து வேண்டும் என்று கேட்கிறானாம். "நான் முடியாதுன்னுட்டேன். வேற எடத்துல போட்டுக்குவான். நீ ஏதாவது பண்ணும்மா."

ஜெயஸ்ரீ திண்டிவனத்தில் வணிகக்குறி என்னும் டிரேட்மார்க் பதிவு வேலை பார்க்கிற ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தாள். அந்த அம்மா பெயரை எழுதிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கூல், ஜில், ஐஸ்னு வச்சிருந்தீங்கன்னா கஷ்டம். அதெல்லாம் பண்டத்தோட குணத்தைச் சொல்ற வார்த்தை, யாருக்கும் தனியா குடுக்க மாட்டாங்க. உங்களுது நேரா சொல்லல, நினைக்க வைக்குது. ஐஸ்கிரீமுக்கு இது நல்ல பேரு. மனு போடலாம். பதிவாக நாளாகும். அதுவரைக்கும் நீங்கதான் முதல்ல வச்சீங்கன்றதுக்கு போர்டு போட்டோ, பில்லு எல்லாம் பத்திரமா வச்சிருங்க."

மனுவில் கையெழுத்துப் போடும்போது ஜெயஸ்ரீக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் யாரும் உள்ளே வராத கடை. இன்றைக்கு அதன் பெயரைத் திருட ஆள் வருகிறது.

திரும்பும்போது செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவலூர்பேட்டை பஸ்ஸில் ஏறினாள். நின்றுகொண்டுதான் வர முடிந்தது. கோட்டைப் பக்கம் திரும்பியதும் கண்டக்டர், அவளை யாரென்று தெரியாமலே, பின்னால் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஆலங்கட்டி எறங்கறவங்கல்லாம் முன்னால வாங்க."

பஸ்ஸில் பாதி எழுந்தது. ஜெயஸ்ரீ எல்லோருக்கும் முன்னால் படிக்கட்டுக்குப் போய் நின்றாள்.